விக்ரம் விரலில் ஒரு கட்டு

வலது கை நடுவிரலில் பெரிய கட்டோடு விக்ரம் ஒத்திகைக்கு வந்து நின்றபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சனிக்கிழமை பீச் பக்கத்து உணவகத்தில் எங்கள் பேண்டின் முதல் கச்சேரி. கன்ட்ரி ராக் வாசித்தால்தான் மேடை என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். நான் பேஸ், கலைவாணன் டிரம்ஸ், கிடாருக்கு இவனை விட்டால் ஆளில்லை.

"கம்பெனில தகடு கிழிச்சிடுச்சு ஹேமா. ஹைப்ரிட் பிக்கிங் முடியாது" என்றான்.

ஹைப்ரிட்டில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கம்பியைத் தட்டும் சின்ன வில்லையான பிக்கைப் பிடித்திருக்க, நடுவிரலும் மோதிர விரலும் மற்ற கம்பிகளைச் சுண்ட வேண்டும். அந்தத் துள்ளல் இல்லாவிட்டால் கன்ட்ரி ராக் சப்பென்று போய்விடும்.

"லெகாட்டோ பண்ணேன்" என்றான் கலைவாணன். "பிக்கால ஒரு தட்டு, மிச்ச சுரமெல்லாம் இடது கை விரல்ல அடிச்சும் இழுத்தும் வரவச்சிடலாம்ல?"

"அது வழவழன்னு ஓடும். மெலடியான ராக் சோலோன்னா சரி. இதுக்குத் துள்ளாது." பெருமூச்சு வேறு. "வேணும்னா ஸ்வீப் வாசிக்கிறேன். அதுக்குப் பிக் மட்டும் போதும்."

இவன் அசுர வேகத்தில் சுரம் கொட்டும் நியோகிளாசிக்கல் மெட்டல் பைத்தியம். பிக்கை ஒரே இழுப்பில் கம்பிக்குக் கம்பி சறுக்கவிட்டான். கம்பிக்கு ஒரு சுரம். ஒலித்ததுமே இடது விரலைத் தளர்த்தியதால் ஒன்றோடொன்று குழம்பாமல் மடமடவென்று கொட்டியது. நல்லாத்தான் இருந்தது. மீன் வறுவல் சாப்பிட வருகிறவனுக்கு இது எதுக்குங்கறேன்?

கடுப்பில் கலைவாணன் கன்ட்ரி பாட்டின் தாளத்தைத் தட்ட ஆரம்பித்தான். நானும் சேர்ந்துகொண்டேன். விக்ரமின் கை பழக்கத்தில் தானாகவே போனது. பிக் தடித்த கம்பியை அடிக்க, நடுவிரல் மெல்லிய கம்பியைச் சுண்ட, கட்டு கழன்று பறந்து என் மடியில் விழுந்தது. விரலில் ஒரு கீறல்கூட இல்லை.

"அடப்பாவி!"

"ஒரே ஒரு ஸ்வீப் சோலோ கேட்டேன். குடுத்தீங்களா?" என்று அழாத குறையாகக் கேட்டான். நான் கத்திய கத்தலில் எங்கள் லாஸ்பேட்டை ஏரியாவே எட்டிப் பார்த்திருக்கும்.

சனிக்கிழமை அதே விரலில் மறுபடியும் கட்டு.

"நேத்து நெசமாவே தகடு..."

"வாயை மூடு." மேடைக்குப் பின்னால் நானே கட்டைப் பிரித்தேன். உள்ளே தையல். டிரம்ஸ் பெட்டி மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"மோதிர விரல் இருக்குல்ல" என்றான் அவன், கட்டைத் திரும்பச் சுற்றிக்கொண்டே.

பிக்கும் மோதிர விரலுமாகவே சாயங்காலம் முழுக்க வாசித்தான். பல்லைக் கடித்துக்கொண்டுதான். முதலாளியின் கால் தாளம் போட்டபடியே இருந்தது.

கடைசிப் பாட்டு முடிந்ததும் மைக்கைப் பிடித்தேன். "அடுத்து விக்ரமோட ஸ்வீப் சோலோ."

முதலாளி முறைத்தார். நான் போய் விக்ரமின் ஆம்ப்பில் சத்தத்தைக் கூட்டிவைத்தேன்.