வெயில் தரைக்கு ஒரு ஜோடி

தபால்காரருக்குக் கால் சுடாது. அவர் தபால் கொடுக்கும் தெருக்களில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சித்திரை வெயிலில் மற்றவர்கள் நிழல் தேடிக் குதித்து ஓடும்போது, அவர் மட்டும் தன் கறுப்பு ஷூவில் பூங்காவில் உலாவுவதுபோல் நடந்து போவார். யாராவது கேட்டால், "ஆண்டவன் பார்த்துக்கிறான், நமக்கென்ன" என்று சிரிப்பார். உண்மையிலேயே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். கும்பிடும்போது அதற்காகவும் சேர்த்து நன்றி சொல்வார்.

அவர் மனைவிக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. கடைத்தெருவில் சலவைக் கடை வைத்திருக்கிறாள். இருபத்திரண்டு வருடமாக அவள் கை இஸ்திரிப் பெட்டியை விட்டு இறங்கியதில்லை. அதனால் வெயிலும் சூடும் தங்கள் குடும்பத்தை ஒன்றும் செய்யாது என்று அவள் தைரியமாக இருந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒருநாள் அவர் வேலை முடிந்து வந்து சாக்ஸைக் கழற்றினார். அது கழன்று வரவில்லை. பாதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மனைவி வெந்நீர் வைத்து நனைத்து மெதுவாக உரித்தாள். முன்பாதத்தில் உள்ளங்கையளவு கொப்புளம், உடைந்து, சிவந்து கிடந்தது.

"வலிக்கலையாங்க?"

"எங்க? எந்தக் காலு?" என்றார் அவர்.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவள் மறுநாள் கடையைக்கூடத் திறக்காமல் அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் ஒரு மெல்லிய நரம்புபோல் இருந்த கம்பியால் பாதத்தில் பத்து இடம் தொட்டார். தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டு மூன்று இடத்தில்தான் 'ம்' என்றார். பதினோரு வருடச் சர்க்கரை, சத்தமில்லாமல் நரம்பைத் தின்றிருந்தது. கால் சுடாமல் இல்லை; சுட்டதை அவரிடம் சொல்ல ஆளில்லாமல் போயிருந்தது.

புண் ஆற இருபது நாள் பிடித்தது. வருகிற திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டு விரலை உயர்த்தினார். "திறந்த செருப்பு கூடாது, கல்லு குத்தினாத் தெரியாது, மேல வெயில் வேற. மூடினதுதான் போடணும். ஆனா பழைய ஷூ வேண்டாம். இன்னொரு தடவை இப்படி வெந்துச்சுன்னா காலைக் காப்பாத்துறது என் கையில இல்ல."

தபால்காரர் அன்று பாதிச் சோற்றிலேயே கையைக் கழுவினார். அவர் பயப்படுகிறார் என்று மனைவிக்குத் தெரிந்தது. அவர் காலைக் காப்பாற்றுவது யார் கையில் இருக்கிறது என்று அவள் கடவுளைக் கேட்டாள். பதில் வந்ததாகத் தெரியவில்லை. ஆகவே சனிக்கிழமை மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு ஷூ கடைக்குப் போனாள்.

கடையில் நெட்டையாக ஒருவர் இருந்தார். கழுத்தில் அளவுநாடா, மூக்கு நுனியில் கண்ணாடி. விஷயத்தைக் கேட்டதும் முதலில் மணியைப் பார்த்தார்.

"மூணு மணி. நல்ல நேரத்துக்கு வந்தீங்க. காலையில அளவு எடுத்தா பொய்யாப் போயிடும். வெயில்ல கால் வீங்கும், நடந்தா இன்னும் வீங்கும். உக்காருங்க சார்."

இரண்டு பாதத்தையும் அளந்தார். வலது கால் ஒரு நூல் பெரிசு. "பெரிய காலுக்குத்தான் வாங்கணும். முன்னால கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். பழசைக் கொண்டாந்தீங்களா?"

மனைவி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பிப் பார்த்து, முன்பாதம் இருக்கும் இடத்தை இரு விரலால் அழுத்தினார். அது அப்பளம்போல் வளைந்தது.

"தேய்ஞ்சு அட்டையாப் போச்சு. உள்ள பூரா ரெக்சின், காத்து எங்கேயும் போகாது. சாக்ஸ் எத்தனை போட்டீங்க?"

"ரெண்டு. கெட்டியா. சூடு ஏறாதுன்னு."

"வேர்வையும் இறங்காதே சார். அடியில தோசைக்கல்லு, மேல மூடி. வேகாம என்ன செய்யும்?"

தபால்காரர் சிரித்தார். மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை.

தபால்காரர் கண் அலமாரியில் ஒரு கறுப்புத் தோல் ஷூவின்மேல் நின்றது. பளபளவென்று, அடியில் தடித்த ரப்பரோடு இருந்தது. போட்டுப் பார்த்து நாலு எட்டு நடந்தார். "இது அருமை. மெத்தை மாதிரி இருக்கு."

"உங்களுக்கு எதுதான் மெத்தை மாதிரி இல்ல?" என்றாள் மனைவி. "கல்லுல நடந்தாலும் மெத்தைம்பீங்க."

நெட்டையர் இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தார். சாம்பல் நிறம். மேலே வலைபோன்ற துணி. அடியில் தாள் மாதிரி மெல்லிய ரப்பர், அதற்கு மேல் இரண்டு விரல் உயரத்துக்கு நுரை. தூக்கினால் கையில் கனமே இல்லை.

"பாக்கச் சாதுவா இருக்கும். ஆனா நுரைக்குள்ள பூரா காத்து. சூடு மேல ஏற வழி கிடைக்காது. அந்தக் கறுப்பு ரப்பர் கெட்டி. தடிமனா இருந்தாலும் மெல்ல மெல்லச் சூட்டைக் கடத்திடும். தோலும் கறுப்பு, வெயிலைக் குடிக்கும்."

"சும்மா சொல்றீங்க. நீங்க விக்கணும்னு..." என்று தபால்காரர் இழுத்தார்.

நெட்டையர் கோபப்படவில்லை. ஒரு நிமிடம் கல்லாப் பக்கம் பார்த்தார். பில் போடாத சரக்கு வாசல் தாண்டக் கூடாது என்பது கடையின் சட்டம். அடியில் கறை பட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். பிறகு இரண்டு ஜோடியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூலையில் இருந்த குடையையும் எடுத்தார்.

"வாங்கம்மா. காலு பொய் சொன்னாலும் தரை பொய் சொல்லாது."

நடைபாதையில் கல் பலகைகள் கொதித்தன. இரண்டு ஷூவையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, மேலே குடையைப் பிடித்தார். மேலிருந்து வெயில் படக் கூடாதாம். அடியிலிருந்து ஏறும் சூடு மட்டும்தான் தெரியவேண்டுமாம். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "என்னங்க, ஷூவுக்கா குடை?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா, மாப்பிள்ளை மாதிரி" என்றார் நெட்டையர்.

கால் மணி நேரம் கழித்து, "இப்ப கை விட்டுப் பாருங்கம்மா, இவருக்குப் பதிலா" என்றார்.

அவள் குனிந்து கறுப்பு ஷூவுக்குள் வலது கையைக் கொடுத்தாள். உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பார்த்தாள். பிறகு சாம்பல் ஷூவில். "ரெண்டும் ஒண்ணுதான். இதமா இருக்கு. அவருக்குப் பிடிச்ச கறுப்பையே எடுத்துக்கலாம்."

நெட்டையருக்கு ஆச்சரியம். குடையைத் தபால்காரரிடம் கொடுத்துவிட்டுக் கறுப்பு ஷூவுக்குள் தானும் கையை விட்டார். "ஆ!" என்று உதறிக்கொண்டு எடுத்தார். விரல் நுனியை வாய்க்கருகில் வைத்து ஊதினார்.

"என்னம்மா இது? இதையா இதம்னீங்க?"

அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பெட்டி எடுத்த கையோடு சுடச்சுடத் துணியை நீவி மடித்து மடித்து, தோல் மரப்பட்டைபோல் காய்த்திருந்தது. அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. புண் வருவதற்கு முந்தின மாதம் முழுக்க அவர் சலவைக் கடைக்கு வரும்போதெல்லாம் அந்தப் பழைய ஷூவுக்குள் இதே கையை விட்டுப் பார்த்து, 'ஒண்ணுமில்லை, போயிட்டு வாங்க' என்று அனுப்பி வைத்தது அவள்தான்.

"நான்தாங்க உங்களை வேக வச்சேன்" என்றாள். தெருவென்றும் பார்க்காமல் கண்ணீர் வந்தது.

தபால்காரர் குடையை அவள் தலைக்கு மேல் நகர்த்திப் பிடித்தார். ஷூக்கள் வெயிலில் காய்ந்தன.

"எந்திரி. என் காலுல என்ன நடக்குதுன்னு எனக்கே தெரியல, உனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு பேர்கிட்டயும் சேர்த்து உருப்படியா ஒரு தோல் இல்ல பாரு. நல்ல ஜோடிப் பொருத்தம்."

அவள் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். நெட்டையர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அம்மா, குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணி எப்படிப் பார்ப்பீங்க?"

அவள் கையைத் திருப்பினாள். உள்மணிக்கட்டு. இஸ்திரிப் பெட்டி எட்டாத இடம். நீல நரம்பு ஓடும், குழந்தைத் தோல்போன்ற இடம். அதைக் கறுப்பு ஷூவுக்குள் அடித்தளத்தில் வைத்தாள். சுரீரென்று இழுத்துக்கொண்டாள். சாம்பல் ஷூவில் வைத்தாள். இருபது எண்ணும்வரை எடுக்கவில்லை.

"இதுதாங்க" என்றாள்.

கறுப்பு ஷூவின் அடியில் நடைபாதைக் கல்லில் கிடந்த தார்ப்பிசுக்கு ஒட்டியிருந்தது. நெட்டையர் அதை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. "விடுங்க, முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று ஓரமாக வைத்தார். வேர்வையை உறிஞ்சி வெளியே விடும் மெல்லிய சாக்ஸ் இரண்டு ஜோடியும் எடுத்துக் கொடுத்தார். "ஒண்ணுதான் போடணும். மத்தியானம் மாத்தணும். ஈரத்துல ஊறின தோல் சீக்கிரம் பிய்யும். உள்ள இருக்கிற அட்டையைக் கழட்டிக் காய வைங்க, நிழல்ல. ஷூவை வெயில்ல காய வச்சுட்டு அப்படியே மாட்டிராதீங்க. முக்கியம், முதல் வாரம் நாள் முழுக்கப் போடாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா."

"திங்கக்கிழமை வேலை இருக்கே."

"அப்ப நடுநடுவுல கழட்டிப் பாருங்க. பாக்க ஆளு இருக்கே." அவர் மனைவியைக் காட்டினார்.

உலகத்தில் பெரிய உதவிகளுக்குத்தான் பேர் நிற்கிறது. நடைபாதையில் கால் மணி நேரம் ஷூவுக்குக் குடை பிடித்தவனின் பேரை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் அவள் அன்று இரவு கும்பிடும்போது பேர் தெரியாத அந்த நெட்டையருக்கு ஒரு தனி வரி சேர்த்துக்கொண்டாள். கடவுளுக்கு ஆள் அடையாளம் தெரியாமலா போகும்?

திங்கட்கிழமை பன்னிரண்டரைக்குத் தபால்காரர் பையோடு சலவைக் கடைக்கு வந்தார். தார்ச்சாலையை விட்டு மரநிழல் இருக்கும் பக்கமாகவே வந்ததாகச் சொன்னார். அதனால் அரைமணி தாமதம். ஸ்டூலில் உட்கார்ந்து கால் நீட்டினார்.

ஒரு அம்மாள் சேலையை நீட்டிக்கொண்டு, "இதை இப்பவே தேய்ச்சுக் கொடுத்துடும்மா" என்றாள்.

"பத்து நிமிஷம்க்கா. இவரைப் பாத்துட்டு வந்துடறேன்."

பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். கீழே உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, மணிக்கட்டை உள்ளே விட்டாள். இதம்தான், இந்தத் தடவை நிஜமாகவே. சாக்ஸை உருவி, பாதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, குதிகால், விரலிடுக்கு, ஆறின புண்ணின் புதுத்தோல் என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தாள். எங்கும் சிவப்பு இல்லை. உலர்ந்த துணியால் ஒற்றி, மாற்று சாக்ஸ் போட்டுவிட்டாள்.

எழப்போனவளைத் தபால்காரர் விடவில்லை.

"உன் கையைக் காட்டு."

"எனக்கென்ன?"

"எனக்கும் இப்படித்தான் ஒண்ணுமில்லன்னு இருந்துச்சு. காட்டு."

அவள் வெட்கப்பட்டுக்கொண்டு வலது கையை நீட்டினாள். சுண்டுவிரலின் ஓரத்தில் ஒரு சின்னத் தீக்கொப்புளம், நீர் கோத்து நின்றது. எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். விலாசம் சரியாகத் தெரியாத கடிதத்தைப் பார்ப்பதுபோல், அந்தக் கையை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து, அவசரமில்லாமல் படிக்கத் தொடங்கினார். சேலைக்கார அம்மாள் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.