அறுபது நானோமீட்டர்

வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்குக் கால் மணி நேரம் இருக்கும்போதுதான் சிந்தியாவுக்குத் தன் தவறு கண்ணில் பட்டது. மார்த்தாண்டத்தில் பைண்டிங் செய்த ஆய்வேட்டின் நான்கு பிரதிகளும் தங்க எழுத்தோடு மேசையில் இருந்தன. எம்.ஈ. பாஸானால் ஜூலையில் இதே கல்லூரியில் விரிவுரையாளர் வேலை. கைடு ரசலையன் சார் சொல்லி வைத்திருந்தார்.

அவளுடைய ஆய்வு இழுபட்ட சிலிக்கானைப் பற்றியது. அணு இடைவெளி அதிகமுள்ள சிலிக்கான்-ஜெர்மானியத்தின்மேல் மெல்லிய சிலிக்கானை வளர்த்தால், அடியில் இருக்கும் அணுக்களோடு பொருந்துவதற்காக மேலே உள்ளவையும் விலகி நிற்கும். அப்படி இழுபட்ட படிகத்தில் எலக்ட்ரான்களின் கனம் குறைந்தது போலாகும், சிதறலும் குறையும். டிரான்சிஸ்டரில் மின்சாரம் பாயும் சேனலில் அவை விரைந்து ஓடும். அவள் கணக்கில் அந்த வேகம் எழுபது சதவீதம் கூடியிருந்தது.

ஆனால் முப்பது சதவீத ஜெர்மானியத்தின்மேல் பத்து, பதினைந்து நானோமீட்டர் தடிமன் சிலிக்கானைத்தான் தாங்கும். அதற்கு மேல் போனால் அடியில் அணு வரிசை பிசகி, இழுப்பு, அதாவது ஸ்ட்ரெயின், தளர்ந்துவிடும். அவள் கொடுத்திருந்தது அறுபது.

முதலில் கணக்குப் போடும் மென்பொருளுக்குப் பத்துதான் கொடுத்தாள். மெல்லிய அடுக்குக்குள் கணக்குப் புள்ளிகளை நெருக்கமாகப் போட வேண்டும்; லேப் கம்ப்யூட்டருக்கு அவ்வளவு மெமரி இல்லை, பாதியில் நின்றுபோனது. "தடிமனைக் கூட்டு மக்களே, ஓடும்" என்றார் ரசலையன் சார், மகளிடம் பேசுவதுபோல. ஓடியது. இழுப்பை அவளேதான் எண்ணாகத் தட்டியிருந்தாள். அது நிற்குமா என்று மென்பொருள் கேட்கவில்லை.

"சார், அறுபதுல ஸ்ட்ரெயின் நிக்காது" என்றாள் இப்போது, தேர்வு அறைக்கு வெளியே வராந்தாவில்.

"இப்பவா சொல்லுக? வாயத் தொறக்காண்டாம். வார எக்ஸாமினரு அதப் பாக்க மாட்டாரு."

கூடப் படிக்கும் பிரிஜா அவள் துப்பட்டாவைச் சரிசெய்தாள். "ஏட்டி, மூஞ்சி ஏன் இப்பிடி? மண்டைக்காட்டுக் கோயில் கூட்டத்துல தொலைஞ்சவ மாதிரி நிக்கிய."

வெளியூர்த் தேர்வாளர் நேராக மூன்றாம் அத்தியாயத்தைத்தான் திறந்தார்.

"தடிமன் எவ்வளவும்மா?"

"அறுபது நானோமீட்டர் சார்."

"முப்பது பெர்சென்ட்ல அது நிக்குமா?"

"நிக்காது சார்."

"தெரிஞ்சும் ஏன் போட்டீங்க?"

சிந்தியா ரசலையன் சாரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தேர்வாளர் பக்கம் திரும்பி, "நான் அப்பவே சொன்னேன் சார்" என்றார்.

அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் நோட்டில் அவர் கையெழுத்திலேயே '60' இருந்தது. அந்த நோட்டு பைக்குள் இருந்தது. வேலை அவர் கையில் இருந்தது. அவள் கை பையின் ஜிப்பில் போய் நின்றது, திறக்கவில்லை.

"தெரியாமப் போட்டுட்டேன் சார்."

சரிசெய்து அடுத்த செமஸ்டரில் மீண்டும் சமர்ப்பிக்கும்படி எழுதிவிட்டுத் தேர்வாளர் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

"ஆறு மாசந்தான மக்களே" என்றார் ரசலையன் சார். ஜூலைக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லி அலுவலகத்துக்கு அவரே போன் செய்தார்.

சிந்தியா லேபுக்குப் போய் அறுபதை அழித்துப் பத்து என்று அடித்தாள். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் இரைந்தது. பிறகு, முன்பு நின்ற அதே இடத்தில் நின்றது.