ஏழாவது கேள்வி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

தேர்வுத்துறையின் தகவல் அலுவலர், ஓய்வுக்கு முன் கிடைத்த கடைசிப் பதவி உயர்வுத் தேர்வில் ஒரே ஒரு மதிப்பெண்ணில் கோட்டைவிட்டார். மறுமதிப்பீடு கேட்கும் எண்ணத்தில், தகவல் உரிமைச் சட்டப்படி தன் விடைத்தாளைக் கேட்டு மனுப்போட்டார். அது மேஜை மேஜையாக அலைந்து, முப்பது நாள் கெடுவில் இருபத்தொன்பதாம் நாள், பதில் தரவேண்டிய அவர் மேஜைக்கே வந்து சேர்ந்தது.

தட்டச்சு செய்யும் அம்மா எட்டிப்பார்த்தாள். "சார், உங்க தேர்வுல ஏழாவது கேள்வியே இதுதானே? தேர்வு எழுதினவர் தன் விடைத்தாளைக் கேட்டா தரலாமான்னு?"

"தரக்கூடாதுன்னு எழுதித் தொலைச்சேன்மா."

"அப்ப மறுத்துடுங்க. சொன்ன சொல் மாறாதவர்னு பேராவது மிஞ்சும்."

கொட்டாவியோடு சட்டத்தைப் புரட்டினார். சொந்த விடைத்தாளைத் தரலாம். திருத்தியவர் பெயரை மட்டும் மறைக்க வேண்டும். பார்க்காமலே பெயரின் மேல் மை பூசினார், தர உத்தரவிட்டார், தானே பெற்றுக்கொண்டார்.

ஏழாவது கேள்விக்குப் பூஜ்யம்.

"மறுமதிப்பீடு கேளுங்க சார்!"

"எப்படிம்மா? அந்தப் பூஜ்யம் சரின்னு இப்பதானே உத்தரவு போட்டேன்."

கோப்பைக் கட்டி வைத்தார்.

இத்தனையும் சத்தியம்; என்ன, அவர் தேர்வு எழுதியதாகச் சொன்னேனே, அந்த ஆண்டு அந்தத் துறை எந்தத் தேர்வையும் நடத்தவில்லை.