ஆணியில் மாட்டிய கோடாலி

நான் வீட்டோட மாப்பிள்ளை. இதைச் சொன்னவுடன் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். லாரி ஷெட்டில் கிளீனர் முதல் முதலாளி வரை எல்லோரும் சிரித்தாகிவிட்டது. "உனக்கென்னப்பா, உட்கார்ந்த இடத்துல நிலம், வீடு, சாப்பாடு" என்பார்கள். அவர்கள் தலையில் இடி விழ. எங்கள் சனத்தின் முறைப்படி அந்த நிலத்தில் எனக்கு ஒரு பிடி மண்கூடக் கிடையாது. இதை விளக்கிச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

எங்கள் பழங்குடியில் பெண்பிள்ளைக்கு நிலம் போகாது. மகன் இருந்தால் மகனுக்கு, இல்லையென்றால் செத்தவரின் உடன்பிறந்தானுக்கு. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. மகன் இல்லாதவர் ஊர்ப் பெரியவர்களை உட்காரவைத்து, கல்யாணத்தன்றே மாப்பிள்ளையின் கோடாலியைத் தன் வீட்டு ஆணியில் மாட்டச் சொல்வார். மாட்டிவிட்டால் அன்றிலிருந்து மகள் மகனுடைய இடத்தில் நிற்பாள். நிலம் அவளுக்கு, பிறகு அவள் பிள்ளைகளுக்கு. மாப்பிள்ளைக்கு எதுவுமில்லை. அதோடு, பிறந்த வீட்டு நிலத்தில் அவனுக்கு இருந்த பங்கும் போச்சு. கோடாலியை எடுத்துக்கொண்டு வாசல் தாண்டினால் எல்லாம் முறிந்தது, மகள் மறுபடி வெறும் மகள்தான்.

என் கோடாலியையும் அப்படித்தான் மாட்டினேன். என் மாமனார் சிரித்தபடி ஆணியைத் தட்டிப் பார்த்தார். நல்ல மனுஷன். நான் சரக்கேற்றிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் லாரியைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்ப்பார், ஏதோ தெரிந்த மாதிரி. அவர் போனபோது நான் எங்கேயோ ஒரு செக்போஸ்ட்டில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

காரியம் முடிந்த கையோடு அவருடைய தம்பி வந்தார். எனக்குச் சின்ன மாமனார், என் மனைவிக்குச் சித்தப்பா. ஊரில் அவருக்கு 'முறைகாரர்' என்று பட்டப்பெயர். எதற்கெடுத்தாலும் "நம்ம முறை என்ன?" என்று ஆரம்பிப்பார். பந்தியில் யார் முதலில் உட்காருவது என்பதற்குக்கூட முறை சொல்வார்.

"நிலம் இனி என் பேருக்கு வரணும்மா" என்றார் என் மனைவியிடம். "கோடாலிய மாட்டினவன் நிலத்துல நிக்கணும். இவன் லாரியில திரியறான். ஆணியில தொங்கறது கோடாலி இல்ல, அலங்காரம்."

எனக்குச் சுருக்கென்றது. கோடாலியால் நான் வெட்டியது என் கால் கட்டைவிரலைத்தான், அதுவும் ஊருக்கே தெரியும்.

என் மனைவி அழவில்லை, கத்தவில்லை. அடுப்பில் இருந்ததை இறக்கிவைத்துவிட்டு, "சித்தப்பா, சாப்பிட்டுட்டுப் போங்க. நாளைக்கு நான் வக்கீலப் பாக்கப் போறேன்" என்றாள். அவரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அன்றைக்கு ராத்திரி அவள் தூங்காமல் புரண்டாள். பிறந்ததிலிருந்து அவள் கால் பட்ட நிலம். போனால் வீடும் சேர்ந்து போகும்.

வக்கீலம்மா கெட்டிக்காரிதான். ஆனால் நகரத்துக்காரி. மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்று பொது வாரிசுச் சட்டத்தைப் போட்டு ஜோராக மனு எழுதிவிட்டார். முதல் வாய்தாவிலேயே சின்ன மாமனாரின் வக்கீல் எழுந்து, "அந்தச் சட்டமே பழங்குடிகளுக்குப் பொருந்தாதுன்னு அந்தச் சட்டத்துலயே எழுதியிருக்கு. அரசாங்கம் தனியா அறிவிக்கணும். இவங்களுக்கு அறிவிக்கல" என்றார். நீதிபதி கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "ஆமாம்மா. இவங்களுக்கு இவங்க வழக்கம்தான் சட்டம். மகளுக்கு உரிமை உண்டுன்னு நீங்க சொன்னா, அப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு நீங்கதான் நிரூபிக்கணும். மனுவத் திருத்திட்டு வாங்க."

வெளியே வந்ததும் வக்கீலம்மா அசடு வழிந்தார். "சட்டம் தெரிஞ்ச எனக்கு உங்க சட்டம் தெரியலயே" என்று சிரித்துவிட்டு, மரத்தடியில் எங்களை உட்காரவைத்துக் கேள்வியாய்க் கேட்டார். "கதை வேண்டாம். இந்த மாதிரி கோடாலி மாட்டி, மக நிலத்த வாங்கி, யாரும் எதிர்க்காம அனுபவிக்கிற குடும்பம் யார் யார்? பழசு, புதுசு, ரெண்டும் வேணும். ஒருத்தர் ரெண்டு பேர் பத்தாது."

இரண்டு குடும்பங்கள் சாட்சி சொல்ல வந்தன. மற்றவர்கள் முறைகாரருக்குப் பயந்து நழுவினார்கள்.

"வேற யாருமே இல்லயா?" என்றார் வக்கீலம்மா.

என் மனைவி யோசித்தாள். திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். எனக்குப் பகீரென்றது, இவளுக்குக் கவலையில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று.

"எங்க சித்தப்பாவே வீட்டோட மாப்பிள்ளைதான் மேடம்!"

அட! சின்ன மாமியாருக்கு உடன்பிறந்தான் கிடையாது. இவர் கோடாலி மாட்டித்தான் அந்த வீட்டுக்குப் போனார். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தினமும் பார்க்கிற சுவர் மாதிரி, யார் கண்ணிலும் படவில்லை. பொறுப்பாய் விவசாயம் பார்த்து, ஊர் நியாயம் பேசி, அந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்டிருந்தார்.

வக்கீலம்மாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அவரோட பதில் மனுவுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'கோடாலி மாட்டும் வழக்கம் என்று எங்கள் சமூகத்தில் எதுவுமே கிடையாது.' கையெழுத்துப் போட்டிருக்கார்."

அவர் வக்கீல் ஒரு படி மேலே போய் எழுதிவிட்டார், இவர் படித்துப் பார்க்காமல் போட்டுவிட்டார். லாரிக்காரன் கோடாலி செல்லாது என்பதுதான் அவர் கட்சி. எழுதியதோ, கோடாலியே கிடையாது என்று.

சாட்சி விசாரணை நாளில் கோர்ட்டில் கூட்டம். கடைசி பெஞ்சில் சின்ன மாமியாரின் பெரியப்பா மகன்கள் வெள்ளையும் சொள்ளையுமாக உட்கார்ந்திருந்தார்கள். வழக்கு ஆரம்பித்ததிலிருந்து அவர்கள் சின்ன மாமனாருக்கு ஒரே உபசாரம். காரில் கூட்டிவருவதென்ன, டீ வாங்கித் தருவதென்ன. "மச்சான், விட்டுக் கொடுக்காதீங்க. பொம்பளப் பிள்ளைக்கு ஏது நிலம்?" என்று தட்டிக்கொடுத்தார்கள். பாவம், அன்பு என்று நினைத்துவிட்டார்.

முதலில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். எதிர் வக்கீல் கேட்டார்: "கோடாலியை எடுத்து எப்போதாவது வேலை செஞ்சிருக்கீங்களா?"

"ஒரு தடவ. அதுக்கப்புறம் மாமனாரே வேணாம்னுட்டார்."

கோர்ட்டே சிரித்தது.

"மாசத்துல பாதி நாள் ரோட்டுல. நிலத்துக்காகத்தானே இந்த வீட்டுக்கு வந்தீங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சார், எங்க முறைப்படி நிலம் அவளுக்கு. அவளுக்கப்புறம் பிள்ளைங்களுக்கு. எனக்கு ஒண்ணும் இல்ல. எங்க அப்பா நிலத்துல இருந்த பங்கையும் விட்டுட்டுத்தான் வந்தேன்."

"அப்புறம் எதுக்குய்யா அங்க இருக்கீங்க?"

"அவ அங்க இருக்கா. அதான்."

சொன்ன பிறகுதான் எனக்கே வெட்கமாகிவிட்டது. என் மனைவி முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், காது மட்டும் சிவந்திருந்தது. நீதிபதி தொண்டையைச் செருமினார். "எழுதிக்கோங்க" என்றார்.

அடுத்து சின்ன மாமனார். வக்கீலம்மா சுற்றி வளைக்கவில்லை.

"ஐயா, உங்க சொந்தக் கோடாலி எந்த வீட்டு ஆணியில தொங்குது?"

அவர் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் காகிதக் கட்டை அவசரமாகப் புரட்டினார்.

"எம் பொண்டாட்டி வீட்ல" என்றார் மெதுவாக.

"யார் மாட்டச் சொன்னது?"

"மாமனார். பெரியவங்க முன்னால."

"அந்த மாதிரி வழக்கமே கிடையாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்களே. அது உண்மைன்னா, உங்க மனைவிக்கு அந்த நிலம் எப்படி வந்தது? அவங்க அப்பாவோட அண்ணன் பசங்களுக்கில்ல போயிருக்கணும்?"

கடைசி பெஞ்ச் கிரீச்சிட்டது. சின்ன மாமனார் மெல்லத் திரும்பிப் பார்த்தார். மச்சான்கள் மூவரும் ஒரே ஆளைப் போல முன்னால் சாய்ந்து, வாய் பிளந்து காத்திருந்தார்கள். வாங்கிக் கொடுத்த டீயெல்லாம் அந்த நிமிடத்தில்தான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். முகம் வெளுத்துவிட்டது.

"வழக்கம் இருக்குன்னா" வக்கீலம்மா விடவில்லை, "கோடாலி மாட்டினவருக்குப் பிறந்த வீட்டு நிலத்துல பங்கு உண்டா?"

சின்ன மாமியாருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. எழுந்தேவிட்டார். "ஊருக்கெல்லாம் முறை சொல்வீங்களே, இப்ப வாயில என்ன கொழுக்கட்டையா? பேசுங்க!"

"அம்மா, உட்காருங்க!" என்று அதட்டிய நீதிபதி, குனிந்து சிரிப்பை அடக்கினார்.

சின்ன மாமனார் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். இல்லை, தெரியாது, ஞாபகமில்லை என்று எத்தனையோ சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மனுஷன் பேராசைப்பட்டாரே தவிர, முறையைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை.

"இல்லீங்க. மாட்டினவன் அங்க பங்கு கேக்க முடியாது. எங்க அண்ணன் பொண்ணு மகன் ஸ்தானத்துல நிக்கிறா. நிலம் அவளோடது." கொஞ்சம் நிறுத்தி, "அந்தக் கோடாலி ஆணிய விட்டு இறங்காதவரைக்கும்" என்று சேர்த்துக்கொண்டார். முறைகாரர் இல்லையா.

அவர் ஒப்புக்கொண்டதையும், மற்ற இரண்டு குடும்பங்களின் சாட்சியத்தையும் வைத்து என் மனைவியின் பேருக்கே பிறகு தீர்ப்பு வந்தது. ஆனால் எங்களுக்கு அன்றைக்கே வந்துவிட்டது. கோர்ட் வராந்தாவில் அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள்.

மச்சான்களின் கார் அதற்குள் மாயமாகியிருந்தது. சின்ன மாமனாரும் மாமியாரும் வாசலில் நின்றார்கள். அவரை அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்கு ஆசைதான். என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள். லாரி கேபினில் நாலு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். சின்ன மாமியார் வழி நெடுக அவரை வறுத்தெடுத்தார். அவர் ஜன்னலைப் பார்த்தபடி வந்தார்.

எங்கள் வீடு வந்ததும் கேட்டார்: "மாப்ள, அந்தக் கோடாலிப் பிடி ஆடுதுன்னு அண்ணன் அப்பவே சொன்னாரு. குடு, எங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நல்ல பிடியாப் போட்டுத் தரேன்."

"அதுக்கென்ன மாமா" என்று நான் உள்ளே போய் ஆணியில் கை வைத்துவிட்டேன்.

"ஏய், விடு!" என் மனைவி பாய்ந்து வந்து என் கையில் ஓங்கி ஒரு அடி போட்டாள். "அது வாசல் தாண்டக் கூடாது. பிடி போடணும்னா, சித்தப்பா, நீங்க இங்க வந்து போடுங்க. சாப்பாடு நான் போடறேன்."

சின்ன மாமனாரின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். "நிலம் சரியான கைக்குத்தான் போயிருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உன்ன நம்பி ஒரு ஆணியக்கூட விட முடியாதுடா" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே வந்து உட்கார்ந்தார்.