ஒப்புதலுக்குக் காத்திருந்த வரி

இன்ஸாப் வீதி விபத்தில் இறந்து பதினெட்டு நாட்களாகியும், மென்பொருளின் மருந்துப் பதிவுப் பகுதியில் செய்யப்படும் திருத்தங்கள் அவனுடைய கணக்குக்கே பரிசீலனைக்குச் சென்றுகொண்டிருந்தன. எந்தப் பகுதியை யார் பார்க்க வேண்டும் என்று வகுக்கும் கோட் ஓனர்ஸ் கோப்பில், அந்தப் பகுதிக்கு அவன் பெயர் மட்டுமே இருந்தது. அவன் ஒப்புதலின்றி எந்தத் திருத்தமும் மென்பொருளில் இணையாது.

குழுத்தலைவி உதயகலா அந்த வரியில் இன்ஸாப்பின் பெயரை நீக்கி, குழுவிலிருந்த தனோஜனின் பெயரை இட்டு, அதை இணைக்க ஒப்புதல் கேட்கும் புல் ரிக்குவெஸ்ட் அனுப்பினாள். படிவத்தில் ‘மாற்றத்துக்கான காரணம்’ என்ற இடத்தில் ‘பொறுப்பாளர் மாற்றம்’ என்று மட்டும் எழுதினாள். கோட் ஓனர்ஸ் கோப்பில் செய்யும் மாற்றங்களை அங்கீகரிக்கும் பொறுப்பு அவளுக்கும் தனோஜனுக்குமே இருந்தது. தன் மாற்றத்தைத் தானே அங்கீகரிக்க அவளால் இயலாது.

மாலைவரை ஒப்புதல் வரவில்லை. அவள் தனோஜனின் மேசைக்குச் சென்றாள்.

“பாத்தனியே?”

“ஓம் அக்கா. ஒரு வரிதானே.”

“ஏதும் பிழையே?”

“பிழையெண்டா திருப்பி அனுப்பியிருப்பன். ஒண்டும் இல்லை, அதுதான் கஷ்டமாக் கிடக்கு. அவன்ரை ஜனாஸாவைக் கபுறடிக்குச் சுமக்கத் தோள் குடுத்த நான்தான் இதையும் செய்யவேணுமே?”

“நான் வேறை ஆரிட்டைக் கேக்க?”

அவன் ஒப்புதலை அழுத்தினான். வரி இணைந்தது. சற்று நேரத்தில் மருந்துப் பகுதியின் அடுத்த திருத்தம் தனோஜனின் பெயருக்கே பரிசீலனைக்கு வந்தது. கண்ணைத் துடைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினான்.