தம்பியும் சாரும்

பாடநூல் பதிப்பகத்துக்கு நான் வீட்டிலிருந்தே பக்கம் வடிவமைக்க ஆரம்பித்தபோது அவன் அங்கே கத்துக்குட்டி. இன்று தயாரிப்புத் துறைக்கே தலைவன். இத்தனை வருடமும் நான் அவனுக்கு அக்கா, அவன் எனக்குத் தம்பி. சனிக்கிழமை இரவில் "நாளைக்குள்ள முடியுமாக்கா?" என்பான். முடியாது என்றால் முடியாதுதான். மறு வாரம் அதே குழைவோடு மறுபடி வருவான்.

இப்போது முழுநேர வேலைக்கே கூப்பிட்டு, வேலை ஆர்டரும் அனுப்பியிருக்கிறான்.

என் கணவருக்கு வாரத்தில் இரண்டு நாள் ரத்தச் சுத்திகரிப்பு. தனியாக மருத்துவக் காப்பீடு கேட்டால் எல்லாக் கம்பெனியும் கதவைச் சாத்துகிறது. வேலையில் சேர்ந்தால் பதிப்பகத்தின் குழுக் காப்பீட்டில் முதல் நாளிலிருந்தே அவரும் உண்டு, பழைய நோயும் உண்டு. ஆனால் வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது. தினமும் ஆபீஸுக்குப் போக வேண்டும். மருத்துவமனையிலிருந்து துணியாய்த் துவண்டு வருபவரை யார் கைத்தாங்கலாக மாடியேற்றுவது?

"எனக்காகக் கழுத்தை நீட்டாத," என்றார் கணவர்.

"வேற யாருக்காக நீட்டறதாம்?" என்று எரிந்து விழுந்தேன். உடனே மனசு சுட்டது.

தம்பிக்குப் போன் போட்டேன். "அந்த ரெண்டு நாளும் நான் வீட்லேர்ந்து வேலை பார்க்கணும்."

"பார்த்துக்கலாம்க்கா. அதுக்கென்ன?"

"ஆர்டர்ல எழுதிக் குடு."

"எழுதணும்னா மேல கேக்கணும். வாயால சொன்னா போதாதா?" தயங்கினான். "அப்புறம் இன்னொண்ணு. ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் தம்பின்னு கூப்பிடாதீங்க. சார்னா நல்லாருக்கும்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது போய்விட்டது.

"அப்போ எழுதித்தான் ஆகணும்," என்றேன்.

"என் மேல நம்பிக்கை இல்லையாக்கா?"

"தம்பி மேல மலையளவு இருக்கு. சார் எனக்குப் புதுசு."

போனை வைத்துவிட்டான். கோபம் என்று நினைத்தேன். முழுநேர வேலையோடு, வீட்டுக்கு வந்துகொண்டிருந்த வேலையும் போச்சு, காப்பீடும் போச்சு, உன் வாய்க்குப் பூட்டுப் போட ஆளில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டு நான்கு நாள் கிடந்தேன்.

ஐந்தாம் நாள் திருத்திய ஆர்டர் மின்னஞ்சலில் வந்தது. திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் இரண்டு நாளும் கிழமை போட்டே எழுதப்பட்டிருந்தன. மேலே இருப்பவர்களிடம் சண்டை போட்டிருக்கிறான். அக்கா என்று எங்கும் இல்லை. 'மதிப்பிற்குரிய அம்மையீர்' என்று தொடங்கி, கீழே பெயரும் பதவியும் போட்டிருந்தான்.

கணவர் போனை வாங்கி இரண்டு முறை படித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டுப் போன் செய்தேன்.

"அனுப்பிட்டேன், சார்."



"அக்கா," என்றான். "திங்கக்கிழமைலேர்ந்து சொல்லுங்களேன்."