ஐம்பது புள்ளி பூஜ்யம் ஏழு ஆறு

கள்ளக்குறிச்சியில் தியாகதுருகம் சாலைப் பக்கம் இருக்கும் எங்கள் தெருவில் ஏசி வைத்த அறை ஒன்றே ஒன்றுதான். அதுவும் மனுசருக்காக வைத்ததில்லை, இரும்புக்காக. செபாஸ்தியான் பட்டறையின் பின்பக்கம், கண்ணாடித் தடுப்புக்குள், வருசம் முழுக்க இருபது டிகிரியில் குளிர்ந்துகொண்டிருக்கும். அதில் வெள்ளிமலையிலிருந்து வந்த செவ்வந்தி என்ற பெண் மூன்று மாதமாக ஒரு மரப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சம்பளம் வாங்கிக்கொண்டு ஏசியில் தூங்குகிறாள் என்றுதான் தெருவில் பேச்சு. அந்தப் பேச்சில் என் பங்கும் கொஞ்சம் உண்டு.

ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள் உண்மை தெரிய வாய்ப்பு வந்தது. பட்டறைக்கு வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுப்பது என் தையல் கடைதான். ஓசூர் கம்பெனியிலிருந்து பழனி என்று ஒரு இன்ஸ்பெக்டர் வருகிற நேரம் பார்த்து செபாஸ்தியானின் கோட்டுப் பொத்தான் தெறித்துவிட்டது. ஊசியும் நூலுமாய் ஓடினேன். ஒரு பொத்தானை எவ்வளவு நேரம் தைக்கலாம் என்பது தைக்கிறவளின் சாமர்த்தியம்.

பழனிக்கு அவசரமே இல்லை. மேசைமேல் ஒரு ஆப்பு மாதிரி இரும்புத் துண்டு இருந்தது. அதன் சாய்வு பதினாலரை டிகிரி இருந்தால் ஆர்டர் உண்டு. அந்த ஏசி அளவறையில் நிரந்தரமாக யார் உட்காருவது என்பதும் அன்றைக்கே முடிவாகும் என்று செபாஸ்தியான் சொல்லியிருந்தார். போட்டிக்கு நின்றவன் கொளஞ்சியப்பன். எட்டு வருசமாக லேத்தில் நிற்கிறவன். ஏசியில் உட்கார யாருக்குத்தான் ஆசை இல்லை. செவ்வந்தி தோற்றால் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மலையேற வேண்டியதுதான்.

"சைன் பாரோட ஒரு முனைய எவ்வளவு தூக்கணும்?" என்றார் பழனி. சைன் பார் என்பது இரண்டு உருளைமேல் நிற்கும் ஒரு சட்டம். உருளைகளுக்கு நடுவே இருநூறு மில்லிமீட்டர்.

செவ்வந்தி கால்குலேட்டரைத் தட்டினாள். "ஐம்பது புள்ளி பூஜ்யம் ஏழு ஆறு, சார்."

"எத்தினி ஸ்லிப்புல வரும்?"

ஸ்லிப் என்பது அந்த மரப்பெட்டிக்குள் இருந்த எஃகுக் கட்டைகள். எண்பத்தேழு. ஒவ்வொன்றிலும் அதன் உயரம் பொறித்திருக்கும். ஒன்றை இன்னொன்றின்மேல் அடுக்கி வேண்டிய உயரத்தைக் கட்ட வேண்டும்.

"போன வாரம் இதே அளவ நான் ஏழுல கட்டனேன்," என்றான் கொளஞ்சியப்பன். "நாப்பது, நாலு, ரெண்டுன்னு பெருசுல ஆரம்பிச்சி, மீதிய சில்லறையா ரொப்பிக்கினு போனா வந்துடும்."

"சில்லறைதாண்ணே சிக்கலு," என்றாள் செவ்வந்தி. "கடேசி எண்ணுலேர்ந்து தீத்துக்கினு வரணும்." ஒரு காகிதத்தில் எழுதிக்காட்டினாள். கடைசியில் நிற்கும் ஆறுக்கு 1.006. கழித்தால் 49.07. அந்த ஏழுக்கு 1.07. கழித்தால் 48. அதற்கு ஒரு எட்டு, ஒரு நாற்பது. "நாலு போதும்."

"நாலோ ஏழோ, உயரம் ஒண்ணுதானேம்மா," என்று நான் நூலைக் கடித்துக்கொண்டே கேட்டேன். கேட்கக்கூடாதுதான்.

பழனியே பதில் சொன்னார். "ஒவ்வொரு கட்டையிலயும் கண்ணுக்குத் தெரியாத பிசகு ஒண்ணு இருக்கும்மா. ஒவ்வொரு ஒட்டுலயும் கொஞ்சம் சேரும். கட்ட ஜாஸ்தி ஆனா பிசகும் ஜாஸ்தி."

செவ்வந்தி ஒவ்வொரு கட்டையாகத் துணியில் துடைத்து, நாற்பதின்மேல் எட்டைக் குறுக்கே வைத்து, சறுக்கவிட்டுத் திருப்பினாள். பசையும் இல்லை, காந்தமும் இல்லை, இரண்டும் ஒன்றாகிவிட்டன. தலைகீழாகத் தூக்கிக் காட்டினாள், விழவில்லை. நான் பொத்தானை மறந்தேன். 1.07ம் அப்படியே போய் உட்கார்ந்தது.

1.006 உட்காரவில்லை. வைத்துத் தள்ளினதும் சட்டென்று கையை எடுத்துவிட்டாள். "உள்ள எதுவோ நறுக்குன்னுது."

மறுபடி துடைத்துப் பார்த்தாள். அதே நறுக். பூதக்கண்ணாடியை எடுத்தாள். கட்டையின் முகத்தில், மூலையோரம், கடுகில் கால்வாசி அளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி. துரு. பக்கத்து விளிம்பில் மஞ்சளாய் ஒரு கோடு. முகர்ந்து பார்த்த கொளஞ்சியப்பன், "சந்தனம்," என்றான்.

எல்லோரும் அவனைத்தான் பார்த்தோம். செவ்வந்தி பூஜைக்கு வெள்ளிமலை போயிருந்தாள். பொட்டு வைத்தவன் அவன். செபாஸ்தியான் மாதாகோயில் ஆள் என்பதால் பூஜையைத் தொழிலாளிகளிடம் விட்டுவிட்டுப் பொரியை மட்டும் சாப்பிடுகிறவர்.

"நான் மூடி மேலதான் வெச்சேன்," என்றான் கொளஞ்சியப்பன், நிஜமாகவே கலங்கிப்போய்.

வாசலில் துடைப்பத்தோடு நின்ற காசியம்மாள் இருமினாள். கூட்டிப் பெருக்குகிறவள். "மூடிக்கு மட்டும் பொட்டு வெச்சா உள்ள கீறதுக்கு கொறயாவுமேன்னு, நான் ஒண்ணே ஒண்ணுக்கு வெச்சேன். கடேசில ஆறுன்னு போட்டு இருந்திச்சி. முருகனுக்கு ஆவும்னு அத எடுத்தேன். அப்பறம் நல்லா தண்ணி தொட்டுத் தொடச்சித்தானே வெச்சேன்."

"தண்ணி தொட்டியா," என்றார் செபாஸ்தியான், நெற்றியில் கை வைத்து.

பழனி சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இனி இவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்பது போன்ற நிற்பு. செபாஸ்தியான் குனிந்து செவ்வந்தியிடம் கிசுகிசுத்தார். என் காது அதற்கென்றே இருப்பது.

"நாலுன்னு சொல்லிட்ட. ஒரு சொட்டு எண்ண தொட்டு அமுக்கி ஒட்ட வெச்சிடு. அவரு பாக்கல."

"ஒட்டும் சார். ஆனா துரு நடுவுல தூக்கிக்கினு நிக்கும். எண்ணிக்கதான் சரியா இருக்கும், ஒயரம் இருக்காது. கீழ இருக்கற கட்டையயும் கீறிடும்."

"வேல வேணுமா வேணாமா உனக்கு?"

அவள் கழுத்துவரை சிவந்துபோனாள். 1.006ஐத் தனியே ஒரு துணியில் சுற்றி ஓரமாக வைத்தாள். பிறகு காகிதத்தில் நாலை அடித்துவிட்டு, பழனிக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"நான் சொன்ன நாலு வராதுங்க சார். ஆறு கெட்டுப்போச்சி. ரெண்டும் நாலும் சேத்து ஆறாக்கணும். 1.002, 1.004. சேந்தா 2.006. மீதி 48.07. அதுல 1.07 போனா 47. எட்ட கழட்டிட்டு ஏழு போடறேன், கீழ நாப்பது. மொத்தம் அஞ்சு. இன்னிக்கி இந்தப் பெட்டில இதுக்குக் கம்மியா வராதுங்க."

கொளஞ்சியப்பன் விரல்விட்டுக் கூட்டினான். இரண்டாவது தடவையும் கூட்டினான். "வருதுங்க," என்றான், யாரும் கேட்காமலேயே.

1.07இன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக் கீறல் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். ஐந்தும் ஒட்டின. அடுக்கைச் சட்டத்தின் ஒரு உருளைக்குக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னாம்மா நிக்கிற?" என்றேன்.

"கைச் சூடு எறங்கணும்க்கா. தொட்டதுல கட்ட வளந்திருக்கும்."

தொட்டால் வளரும் இரும்பு. இதைக் கேட்ட பிறகு எப்படி வீட்டுக்குப் போவது? இருபது நிமிடம் எல்லோரும் ஒரு அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்குள் பழனிக்கு இரண்டு பெண்கள், மூத்தவள் சேலத்தில் படிக்கிறாள், அவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதெல்லாம் விசாரித்து முடித்தேன்.

பிறகு ஆப்பைச் சட்டத்தின்மேல் வைத்து, அதன் முதுகில் மேடுபள்ளம் காட்டும் டயல் கடிகாரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்தினாள். சாய்வு சரியாக இருந்தால் முதுகு மட்டமாக நிற்கும், முள் அசையாது. முள் அசையவில்லை. திருப்பி நகர்த்தினாள். அசையவில்லை.

பழனி ஒரு படிவத்தை எடுத்து நிரப்பினார். கட்டைகள் எத்தனை என்ற இடத்தில் ஐந்து என்று எழுதி, பக்கத்தில் ஐந்து அளவையும் வரிசையாக எழுதினார். அளந்தவர் பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும் செபாஸ்தியான் முந்திக்கொண்டார்.

"அது யாருன்னு நாங்க இன்னும் முடிவு பண்ணலைங்க. அப்பறமா எழுதி அனுப்பறேன்."

"இன்னிக்கி அளந்தது யாரோ, அவங்க பேருதாங்க," என்றார் பழனி. "மாசாமாசம் உருப்படிக்கூட அதே கையெழுத்து வரணும். ஆள் மாறினா நான் மறுபடி வந்து பாக்கணும்."

மறுபடி ஓசூர்க்காரர், மறுபடி ஒரு நாள் உற்பத்தி நிறுத்தம். செபாஸ்தியான் கணக்குப் போடுவதில் யாருக்கும் குறைந்தவர் இல்லை. கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்துச் செவ்வந்தியிடம் நீட்டினார்.

அவள் கையெழுத்துப் போடுவதற்கு முன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.